முகாம் துண்டறிக்கையின் 90-ம் 40-ம்: புற்றுநோய்ப் பரிசோதனைக் கணக்கை எப்படிப் படிப்பது

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தனியார் மருத்துவமனை ஒன்று புற்றுநோய் முகாம் நடத்தியது. "எங்கள் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 90 பேர் ஐந்து ஆண்டு கடந்தும் உயிருடன் இருக்கிறார்கள்; தொந்தரவு வந்தபின் வந்தவர்களில் 40 பேர்தான்" என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு 52 வயது, உடம்பில் எந்தக் குறையும் இல்லை. முழு உடல் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். இதில் லீட் டைம் பயஸ், லெங்த் பயஸ் என்று ஏதோ இருக்கிறது, நம்பாதே என்கிறான் நண்பன். அப்படியென்றால் என்ன? இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது நம்பாமல் எப்படி இருப்பது?

பதில்:

அந்த இரண்டு எண்களும் உண்மையாகவே இருக்கலாம். யாரும் பொய்க்கணக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவற்றை வைத்துக்கொண்டு அந்தப் பரிசோதனை ஓர் உயிரையாவது காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. ஒருவரைக்கூடக் காப்பாற்றாத பரிசோதனையும் இதே 90-ஐயும் 40-ஐயும் தர முடியும். உங்கள் நண்பர் சொன்ன இரண்டு பிழைகளும் இதைத்தான் விளக்குகின்றன. ஒன்று, ஐந்தாண்டை எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பற்றியது. மற்றொன்று, எண்ணப்படுகிறவர்கள் யார் என்பதைப் பற்றியது.

நான் பணியில் இருந்த காலத்தில் தருமபுரிப் பக்கத்து நோயாளிகளின் விவரத் தாள்களை நிரப்பியிருக்கிறேன். அந்தத் தாளில் "நோய் உறுதியான தேதி" என்று ஒரு கட்டம் இருக்கும். திசுப் பரிசோதனை முடிவு வந்த நாளையோ, மருத்துவர் முதலில் புற்றுநோய் என்று எழுதிய நாளையோ அதில் குறிப்போம். "ஐந்தாண்டு உயிர்வாழ்வு" என்று நீங்கள் படிக்கும் எண்கள் எல்லாம் இந்தக் கட்டத்திலிருந்துதான் புறப்படுகின்றன. கட்டி உடலில் தோன்றிய நாளை எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. ஆகவே கணக்கின் தொடக்கப் புள்ளி நோயின் தொடக்கமன்று, நாம் அதைக் கண்டுகொண்ட நாள்தான். பரிசோதனை செய்யும் முதல் வேலையே அந்த நாளை முன்னுக்கு இழுப்பதுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் விவசாயி. அவருக்கு நுரையீரலில் ஒரு கட்டி வளர்கிறது. 2016 ஆகஸ்டில் இருமலில் இரத்தம் வந்து மருத்துவமனைக்குப் போகிறார், அன்றுதான் நோய் தெரிகிறது, சிகிச்சை பெறுகிறார், 2019 ஆகஸ்டில் இறக்கிறார். தாளில் மூன்று ஆண்டுகள் என்று பதிவாகும். ஐந்தாண்டுக் கணக்கில் அவர் "உயிர் பிழைக்காதவர்". இப்போது அதே மனிதர், அதே கட்டி, ஆனால் 2013 ஆகஸ்டில் மகன் வற்புறுத்தியதால் ஒரு ஸ்கேன் எடுத்தார், கட்டி தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை அன்றே தொடங்கியது, ஆனால் அந்தக் கட்டியின் போக்கை அது மாற்றவில்லை. அதே 2019 ஆகஸ்டில்தான் அவர் இறக்கிறார். தாளிலோ இப்போது ஆறு ஆண்டுகள் என்று வரும். ஐந்தாண்டுக் கணக்கில் அவர் "பிழைத்தவர்". இப்படிப்பட்டவர்கள் நூறு பேர் இருந்தால், ஒருவருடைய ஆயுளும் ஒரு நாள்கூடக் கூடாமலே, உயிர்வாழ்வு விகிதம் 0-விலிருந்து 100-க்கு ஏறிவிடும்.

2013-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளைத்தான் லீட் டைம் என்கிறார்கள். தமிழில் முன்னறிகாலம் எனலாம். நோய் தானாகத் தலைகாட்டியிருக்கக்கூடிய நாளுக்கு எவ்வளவு முன்னதாக அதை அறிந்தோம் என்பதே அது. அந்த மூன்று ஆண்டுகளையும் கூடுதலாகக் கிடைத்த ஆயுள் என்று கணக்கில் சேர்ப்பதுதான் முன்னறிகாலப் பிழை. அந்த விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஆயுள் அன்று, நோயாளியாக இருந்த காலம். பெங்களூருக்கும் சேலத்துக்கும் மூன்று ஆண்டுகள் முன்கூட்டியே அலையத் தொடங்கியிருப்பார், நிலத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே விற்றிருப்பார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பாதி கேட்டுவிட்டு "அப்படியானால் சீக்கிரம் கண்டுபிடிப்பதே வீண்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறு. முன்னறிகாலம் இல்லாமல் எந்தப் பரிசோதனையாலும் பயன் விளையாது, ஏனென்றால் சிகிச்சை வேலை செய்வதற்கு அந்த இடைவெளிதான் வாய்ப்பைத் தருகிறது. அந்த இடைவெளியில் செய்த சிகிச்சை இறப்பு நாளைத் தள்ளிப்போட்டதா என்பதுதான் கேள்வி. ஐந்தாண்டு விகிதம் இந்தக் கேள்விக்கு விடை தராது. இறப்பு நாள் 2019-லேயே நின்றிருந்தாலும் சரி, 2030-க்குத் தள்ளிப்போயிருந்தாலும் சரி, அது இரண்டையும் "பிழைத்தவர்" என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகும் தொலைதூரப் பேருந்துகள் உள்ளே வந்து மூன்று நிமிடம் நின்று, நடத்துநர் விசில் அடித்ததும் கிளம்பிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். டவுன் பஸ்கள் அரை மணி நேரம் நிற்கின்றன. இரண்டு வகையிலும் மணிக்குப் பத்துப் பேருந்துகள் வருகின்றன. நீங்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எப்போதாவது ஒருமுறை தலை நிமிர்ந்து நிற்கும் பேருந்துகளை எண்ணுகிறீர்கள். தொலைதூரப் பேருந்துகள் பத்தும் சேர்ந்து மணிக்கு 30 நிமிடம்தான் நிலையத்தில் நிற்கின்றன, டவுன் பஸ்கள் பத்தும் சேர்ந்து 300 நிமிடம் நிற்கின்றன. ஆகவே நீங்கள் பார்க்கும் 11 பேருந்துகளில் சராசரியாக 10 டவுன் பஸ்ஸாகத்தான் இருக்கும். வந்துபோவதில் பாதி தொலைதூரப் பேருந்து என்றாலும், பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்பவர் இந்த நிலையத்தில் டவுன் பஸ்தான் வருகிறது என்றே சொல்வார்.

பரிசோதனை என்பது இப்படி அவ்வப்போது தலை நிமிர்ந்து பார்ப்பதுதான். கட்டி ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்ந்த நாளுக்கும், அது தானாகவே தொந்தரவு தந்து வெளிப்படும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மெல்ல வளரும் கட்டிக்கு அந்த இடைவெளி ஐந்து ஆண்டாக இருக்கலாம், வேகமாக வளரும் கட்டிக்கு ஆறு மாதமாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தால் மெல்ல வளரும் கட்டி கண்ணுக்குத் தப்ப வழியே இல்லை. வேகமாக வளரும் கட்டிகளில் பாதி, சென்ற ஆண்டுப் பரிசோதனைக்குப் பிறகு தோன்றி அடுத்த பரிசோதனைக்கு முன்பே தொந்தரவு தந்து, நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். ஆகவே "பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள்" என்ற பட்டியலில் இயல்பிலேயே மெல்ல வளரும், சாதுவான கட்டிகள் குவிகின்றன. "தொந்தரவு வந்தபின் வந்தவர்கள்" என்ற பட்டியலில் மூர்க்கமான கட்டிகள் குவிகின்றன. முதல் பட்டியலில் இருப்பவர்கள் நீண்ட நாள் வாழ்வதற்குக் கட்டியின் குணமே போதுமான காரணம், பரிசோதனைக்கு அதில் பங்கு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதுதான் லெங்த் பயஸ். கட்டி மறைந்திருக்கும் காலத்தின் நீளத்தால் வரும் சார்பு என்பதால் அந்தப் பெயர்.

இந்தச் சார்பின் கடைக்கோடியில், பேருந்து நிலையத்தில் நிறுத்திவிட்டு எடுக்கவே எடுக்காத வண்டி போல, ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடும் கட்டிகள் இருக்கின்றன. நுண்ணோக்கியின் கீழ் அவை புற்றுநோய்தான். அந்த மனிதர் வேறு காரணத்தால் இறக்கும்வரை அவை அவரைத் தொட்டிருக்காது. பரிசோதிக்காவிட்டால் அவர் புற்றுநோயாளியே அல்லர். பரிசோதித்தால் அவர் "குணமானவர்" என்று விளம்பரத்தில் இடம்பெறுவார். தென் கொரியாவில் தைராய்டு புற்றுநோயில் நடந்தது இதுதான். 1999-ல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு இல்லை. ஆனாலும் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனும் சேர்த்து எடுத்தார்கள். 2011-ல் அந்நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்காக உயர்ந்திருந்தது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ அசையவில்லை. கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தைராய்டு சுரப்பி முழுதாகவோ பகுதியாகவோ அகற்றப்பட்டது, முழுதாக இழந்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குகிறார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு. அந்த எண்ணைத் துண்டறிக்கையில் போட்டால் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்குச் சொன்ன முழு உடல் பேக்கேஜில் கழுத்து ஸ்கேன் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் கட்டியோ வேறு காரணமோ இல்லாதவருக்கு அது தேவையில்லை.

இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே இடத்தில், எண்களோடு, கண்ணெதிரே தெரியும் ஆய்வு ஒன்று இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற விளம்பரங்களை எல்லாம் நீங்களே படித்துக்கொள்ளலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1971-ல் தொடங்கிய நுரையீரல் ஆய்வு அது. நிறையப் புகைபிடிக்கும், 45 வயதைக் கடந்த ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். முதலில் எல்லோரையும் ஒருமுறை பரிசோதித்து, ஏற்கெனவே நோய் இருந்தவர்களை விலக்கிவிட்டு, மீதமிருந்த 9,211 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு ஆறு ஆண்டுகள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தார்கள். மற்றொரு குழுவினருக்கு ஆண்டுக்கொருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று தொடக்கத்தில் அறிவுரை மட்டும் கூறினார்கள். குலுக்கல் முறையில் பிரித்ததால் இரண்டு குழுவிலும் மூர்க்கக் கட்டிக்காரர்களும் சாதுக் கட்டிக்காரர்களும் ஏறத்தாழ சம அளவில்தான் இருந்திருப்பார்கள்.

ஆய்வின் முடிவில், பரிசோதித்த குழுவில் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள். மற்றக் குழுவில் 15 சதவீதத்தினர்தான். இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் துண்டறிக்கையின் 90-ம் 40-ம் இதே வகைக் கணக்குதான். அதோடு நிறுத்தியிருந்தால், புகைபிடிப்பவர் அனைவரும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் சட்டமாகியிருக்கும்.

ஆனால் அவர்கள் இறப்புகளையும் எண்ணினார்கள். பரிசோதித்த குழுவில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 122 பேர், மற்றக் குழுவில் 115 பேர். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் எத்தனை இறப்பு என்று கணக்கிட்டால் 3.2-ம் 3.0-ம். அதாவது பயன் இல்லை. உயிர்வாழ்வு விகிதம் இரட்டிப்பாகியும் இறப்பு ஒன்றுகூடக் குறையவில்லை.

இது எப்படி நடந்தது என்பதற்கான தடயம் அந்த ஆய்வின் உள்ளேயே கிடக்கிறது. பரிசோதித்த குழுவில் 206 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது, மற்றக் குழுவில் 160 பேருக்கு. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்கள் முதல் குழுவில் 99, இரண்டாவதில் 51. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் முதல் குழுவில் 107, இரண்டாவதில் 109. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி நிதானமாகப் பாருங்கள். முற்றியிருக்க வேண்டிய நோயைப் பரிசோதனை முன்கூட்டியே பிடித்திருந்தால், தொடக்க நிலையில் 48 பேர் கூடும்போது முற்றிய நிலையிலும் அதே அளவு குறைந்து, 109 என்பது 61-க்கு அருகே வந்திருக்க வேண்டும். அது 107-ல் நின்றுவிட்டது. கொல்லக்கூடிய நோய் எவ்வளவு வரவிருந்ததோ அவ்வளவும் வந்தே தீர்ந்தது. கூடுதலாகப் பிடிபட்டவை வேறு கட்டிகள். "தொடக்க நிலையில் பிடிபட்டவர்களின் சதவீதம் 32-லிருந்து 48 ஆனது" என்று எழுதினால் அதுவும் உண்மைதான், ஆனால் கீழே இருக்கும் எண்ணிக்கையைச் சதவீதம் மறைத்துவிடுகிறது. நோய்நிலையைப் பற்றி யாராவது சதவீதத்தில் பேசினால், முற்றிய நிலையில் வந்தவர்களின் எண்ணிக்கை எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது என்று கேட்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

கூடுதலாகப் பிடிபட்டவை வெறும் முன்னறிகாலத்தால் பிடிபட்டவையா, அல்லது எப்போதுமே வெளிப்பட்டிருக்காத கட்டிகளா என்றும் பிரித்தறிய வழி உண்டு. முன்னறிகாலம் மட்டுமே காரணமாக இருந்தால், பரிசோதனையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது மற்றக் குழுவிலும் அந்தக் கட்டிகள் ஒவ்வொன்றாகத் தொந்தரவு தந்து வெளிப்பட்டு, எண்ணிக்கை சமமாகியிருக்க வேண்டும். 1999 வரை பின்தொடர்ந்து பார்த்தபோது முதல் குழுவில் 585 பேர், இரண்டாவதில் 500 பேர். இடைவெளி மூடவில்லை. பரிசோதித்த குழுவில் சிலர், பரிசோதிக்காமல் இருந்திருந்தால் நுரையீரல் புற்றுநோயாளி என்ற பெயரே பெற்றிருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானவர்கள்.

இந்த ஆய்வுக்கு ஒரு குறை உண்டு. மற்றக் குழுவிலும் பலர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள், ஆகவே இரண்டு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு மங்கியிருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். நியாயமான வாதம். அதற்கு விடையாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த இன்னோர் அமெரிக்க ஆய்வின் முடிவு 2011-ல் வெளிவந்தது. ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுப்பது நுரையீரல் புற்றுநோய் இறப்பைக் குறைக்கவில்லை என்றே அதுவும் காட்டியது. அதே 2011-ல், நிறையப் புகைபிடித்தவர்கள் 53,454 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, எக்ஸ்ரேக்குப் பதிலாகக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. ஒரே நோய், இரண்டு கருவிகள். ஒன்று பயனற்றது, மற்றொன்று பயனுள்ளது. இரண்டிலுமே ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் உயர்ந்துதான் தோன்றும் என்பதால், பயனுள்ளதைப் பயனற்றதிலிருந்து பிரித்துக் காட்டியது இறப்புக் கணக்கு ஒன்றே.

இறப்புக் கணக்கு ஏன் ஏமாறுவதில்லை? தொடக்கப் புள்ளியைக் கண்டறிந்த நாளிலிருந்து பிடுங்கி, குலுக்கல் நடந்த நாளில் நட்டுவிடுகிறோம். அந்த நாள் இரண்டு குழுவுக்கும் ஒன்றே, ஸ்கேன் அதை நகர்த்த முடியாது. அதேபோல, நோய் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணாமல் குழுவில் இருந்த எல்லோரையும், நோயே வராதவர்களையும், அழைத்தும் வராதவர்களையும் சேர்த்து எண்ணுகிறோம். அதனால் சாதுவான கட்டிகள் ஒரு பக்கம் குவிய இடமில்லை. இதற்கு ஆயிரக்கணக்கில் மக்களும் பல ஆண்டுக் காத்திருப்பும் தேவை. யார் எந்த நோயால் இறந்தார் என்று தீர்மானிப்பதிலும் தவறு நேரலாம். ஆயினும் இதைவிட நம்பகமான வழி நம்மிடம் இல்லை.

நம் நாட்டிலேயே இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டில். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-த்தில் தொடங்கிய கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு அது. 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்கள். பகுதி பகுதியாகப் பிரித்து, குலுக்கல் முறையில் சில பகுதிகளைப் பரிசோதனைக்கும் சில பகுதிகளை ஒப்பீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பரிசோதனைப் பகுதிகளில் 49,311 பெண்கள், ஒப்பீட்டுப் பகுதிகளில் 30,958 பெண்கள். பரிசோதனை மிக எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறைக் காடியில் உள்ள அதே அமிலத்தை, பஞ்சால் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார். மாறுதலடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயாக மாறக்கூடிய திசு என்று கண்டால், பெரும்பாலோருக்கு அதை உறையவைத்து அழித்தார்கள்.

அழைக்கப்பட்டவர்களில் 100-க்கு ஏறத்தாழ 64 பேர்தான் வந்தார்கள். வராத 36 பேரையும் பரிசோதனைக் குழுவிலேயே வைத்து எண்ணினார்கள். நேர்மையான கணக்குக்கு இதுதான் அடையாளம். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2007-ல் வெளியான முடிவின்படி, பரிசோதனைப் பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதமும், நோய் தோன்றுவது 25 சதவீதமும் குறைவாக இருந்தன. நோய் தோன்றுவதே குறைந்தது என்பதைக் கவனியுங்கள். முன்னறிகாலப் பிழையும் நீளச் சார்பும் கண்டறியப்படும் நோயின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் முடியும், கொரியாவில் கூட்டியது போல. அவற்றால் அதைக் குறைத்துக் காட்ட முடியாது. புற்றுநோயாகும் முன்பே திசுவை அகற்றியதால் வந்த குறைவு அது.

எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாக முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் இதே அமிலப் பரிசோதனை இறப்பைத் தெளிவாகக் குறைக்கவில்லை, ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை ஒரே ஒருமுறை செய்ததற்கே இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மார்பகத்தைப் பொறுத்தவரை, மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தடவிப் பார்த்துச் செய்த பரிசோதனையை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மொத்தத்தில் குறைவு உறுதியாகத் தெரியவில்லை. 50 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 

இனி உங்கள் அம்மாவுக்கு வருவோம். முகாம் நடத்தியவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஆயிரம் பேரிலும், அழைக்கப்படாத ஆயிரம் பேரிலும், அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் எத்தனை பேர்?" பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு பரிசோதனைக்கும் இதைத் தனித்தனியாகக் கேளுங்கள். "எங்களிடம் கண்டறியப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் நலமாக இருக்கிறார்கள்" என்று மீண்டும் சொன்னால், அது உங்கள் கேள்விக்கான விடையன்று. "தொடக்க நிலையிலேயே பிடித்துவிட்டோம்" என்றாலும் விடையன்று. அங்கே உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். அவரும் அந்த 90-ஐ மனதார நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

52 வயதில், எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கு நான் சொல்வது கருப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும்தான். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இவை இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதென்றால் அதைச் செவிலியரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்த வயதில், பார்க்க வேண்டிய திசுப்பகுதி கருப்பை வாயின் உட்புறமாக ஒதுங்கிவிடுவதால் அமிலம் தடவிப் பார்ப்பது சரியாக அமையாமல் போகலாம். அப்படியானால் எச்.பி.வி. பரிசோதனைக்கு எங்கே போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேக்கேஜில் எஞ்சியிருப்பவற்றுக்கு, மேலே சொன்ன கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

இவ்வளவும் குறையில்லாதவர்களுக்குச் செய்யும் பரிசோதனையைப் பற்றி மட்டுமே எழுதியது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் சிறிதளவு இரத்தக் கசிவு, மார்பில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், இவற்றில் எதுவும் தெரிந்தால் அங்கே முன்னறிகாலம் முடிந்துவிட்டது, இந்தப் பதிலில் உள்ள எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. முகாமையும் எதிர்பார்க்காமல், அந்த வாரத்திலேயே கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.